புகார் எழுதித் தருவதாகச் சொல்லி என் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்: வெளிநாட்டில் வேலை செய்வோர் கவனத்துக்கு

நேற்று முன்தினம் தொழிலாளர் அலுவலகத்தில் இருந்த பெண் அலுவலர் என் பாஸ்போர்ட் எண்ணைக் கணினியில் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் பெயரில் எந்தப் புகாரும் இங்கே பதிவாகவில்லை" என்று சொன்னார். ஏழு வாரங்களாக என் புகார் விசாரணையில் இருக்கிறது என்று நம்பி, அந்த நம்பிக்கையிலேயே ஒவ்வொரு நாளும் வசவைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்தவன் நான். அந்தப் புகாருக்காக இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கு இனிமேல்தான் நடக்கப் போகிறது என்பதால் நாட்டின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ எழுதவில்லை.

நான் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் தினமும் திட்டுவார், தண்ணீர் குடிக்கப் போனாலும் நேரத்தைக் கணக்கிடுவார். மாதத் தொடக்கத்திலேயே வெற்று டைம்ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாங்கள் 11 மணி நேரம் வேலை செய்த நாளில் 9 மணி நேரம் என்று அவரே எழுதிக்கொள்வார். நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 26 வேலை நாளில் 52 மணி நேர ஓவர்டைம் காணாமல் போகிறது. கேட்டவர்களிடம், பாஸ்போர்ட் நிறுவனத்தின் அலமாரியில் இருப்பதை நினைவுபடுத்துவார். ஒருநாள் நான் கேட்டபோது தோளைப் பிடித்துத் தள்ளியதில் என் மணிக்கட்டு இரும்பு அடுக்கில் மோதி வீங்கியது.

ஊருக்குத் திரும்பிவிட்ட மூத்த தொழிலாளர் ஒருவர் கிளம்பும் முன் எனக்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு நோட்டு வாங்கி, அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுது. நாள், நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் யார் என்ற ஐந்தும் இருக்கட்டும். "கேவலமாகத் திட்டினார்" என்று எழுதாதே, என்ன சொல்லித் திட்டினாரோ அதை அப்படியே எழுது என்றார். நான் அப்படியே செய்தேன். 31 பக்கங்கள் எழுதினேன். மேற்பார்வையாளர் எழுதி முடித்த டைம்ஷீட்டை முடிந்த நாட்களில் எல்லாம் செல்பேசியில் படம் எடுத்தேன். நான் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் நோட்டில் இருந்தன, அவர் எழுதியது படத்தில் இருந்தது, கையில் வந்தது சம்பளச் சீட்டில் இருந்தது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்காதவருக்கும் திருட்டு புரிந்துவிடும்.

ஒரு தவறு செய்தேன். மணிக்கட்டு வீங்கிய அன்று மருத்துவரிடம் என்னை அழைத்துப் போனவர் மேற்பார்வையாளரின் ஆள். அவர் அறையிலேயே நின்றதால், "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டேன். மருத்துவச் சீட்டில் அப்படியே பதிவானது. இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அந்த மருத்துவர் அதையும் எழுதினார். ஆனால் முதல் சீட்டு முதல் சீட்டுதான். எதிர்த்தரப்பு அதைத்தான் தூக்கிக் காட்டும் என்று இப்போது அலுவலர் சொல்கிறார்.

இவ்வளவு ஆதாரத்தையும் கையில் வைத்திருந்த நான் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்புதல், பணம் அனுப்புதல், விமானச் சீட்டு என்று எல்லாம் செய்து தரும் சிறிய சேவை அலுவலகங்கள் பல நகரங்களில் உண்டு. அத்தகைய ஒன்றின் விளம்பரம் சமூக ஊடகத்தில் வந்தது: "முதலாளி தொல்லையா? நாங்கள் பேசித் தீர்க்கிறோம்." போனேன். அங்கிருந்தவர் என் மொழி பேசினார். "உட்காருங்கள் தம்பி, முதலில் தண்ணீர் குடியுங்கள்" என்றார். ஒன்றரை வருடமாக அதிகாரக் குரலை மட்டுமே கேட்டிருந்த எனக்கு அந்த ஒரு வார்த்தையில் கண் கலங்கிவிட்டது. அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார், நடுநடுவே "பாவிகள்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "நீங்கள் நேரே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் நிறுவனத்துக்குத்தான் போன் செய்வார்கள், மறுநாளே உங்களை விமானம் ஏற்றிவிடுவார்கள். எங்கள் மூலம் போனால் உள்ளே ஆள் இருக்கிறது" என்றார். நான் கேட்க விரும்பியதும் அதுதான், பயந்ததும் அதுதான். ஒரு மாதச் சம்பளத்தை அன்றே கொடுத்தேன். முத்திரை வைக்க அசல் வேண்டும் என்று நோட்டையும் இரண்டாவது மருத்துவச் சீட்டையும் கேட்டார், அவற்றையும் கொடுத்தேன். "அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, புகார் பதிவாகிவிட்டது என்று ஒரு சீட்டைக் காட்டி இன்னொரு மாதச் சம்பளத்தை வாங்கினார். அந்தச் சீட்டில் எண் இருந்தது. எந்த அலுவலகம் என்பது இல்லை, அரசு முத்திரை இல்லை, என் பாஸ்போர்ட் எண்கூட இல்லை. பின்னால்தான் தெரிந்தது, அது அவருடைய கடையின் சொந்த வரிசை எண் என்று. அதன் பிறகு கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு பதில். அதிகாரி விடுமுறையில் இருக்கிறார். இணையதளம் வேலை செய்யவில்லை. நிறுவனம் அவகாசம் கேட்டிருக்கிறது. அவசரப்பட்டால் கேஸ் கெட்டுப்போகும் தம்பி. ஐந்தாவது வாரம் செய்தியைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் விட்டார். ஆறாவது வாரம், "இரண்டு மாதச் சம்பளத்துக்கு இத்தனை முறை போன் செய்கிறீர்களே, வேறு வேலை இல்லையா?" என்று கேட்டார். இரண்டு மாதச் சம்பளம் அவருக்கு அவ்வளவு அற்பம்.

இதனிடையே நான்காவது வாரத்தில் மேற்பார்வையாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, நான் அந்த நோட்டில் மட்டும் எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்லிச் சிரித்தார். அது அவரிடம் எப்படிப் போனது என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் அந்த நோட்டு இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான்.

ஏழாவது வாரம் விடுப்பு நாளில் நானே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். பாஸ்போர்ட் நகல் மட்டுமே இருந்தது. அதுவே போதும் என்றார்கள். மொழிபெயர்ப்பாளரைப் போனில் இணைத்தார்கள். ஒரு காசு கேட்கவில்லை. எழுதி முடித்ததும் அலுவலகத்தின் பெயர், தேதி, கோப்பு எண், என் பாஸ்போர்ட் எண் எல்லாம் அச்சிட்ட ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். ஏழு வாரமும் இரண்டு மாதச் சம்பளமும் கொடுத்து நான் வாங்க முடியாத சீட்டு அரை நாளில், இலவசமாகக் கைக்கு வந்தது.

அந்தப் பெண் அலுவலர் எனக்குப் புரியவைத்த ஒரு விஷயத்தை யாரும் முன்பே சொல்லியிருந்தால் நான் அந்தக் கடைக்கே போயிருக்க மாட்டேன். என் துயரம் எனக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், அதைக் கேட்க வேண்டிய இடம் ஒன்றல்ல. குறைத்து எழுதிய ஓவர்டைம் தொழிலாளர் அலுவலகத்தின் விஷயம். தள்ளிக் காயப்படுத்தியது குற்றம், அதற்குக் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுத்து அதன் நகலை வாங்க வேண்டும். பிடித்து வைத்த பாஸ்போர்ட்டைத் தொழிலாளர் அலுவலகத்திலும் நம் நாட்டுத் தூதரகத்திலும் இரண்டிலும் சொல்ல வேண்டும். சேவை அலுவலகக்காரர் எனக்குப் படித்துக் காட்டிய கடிதத்தில் இவை எல்லாம் ஒரே புலம்பலாகக் கலந்திருந்தன. அதை அவர் உண்மையிலேயே கொடுத்திருந்தாலும் பாதிக்கு மேல் "எங்கள் வரம்பில் இல்லை" என்று திரும்பியிருக்கும்.

தூதரகத்துக்கும் அன்றே போனேன். அங்கே தொழிலாளர் நலனைக் கவனிக்கும் அலுவலர் பொறுமையாகக் கேட்டார். 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் குறித்த வியன்னா உடன்படிக்கைப்படி தன் குடிமக்களுக்கு உதவுவதும் பயண ஆவணம் தருவதும் தூதரகத்தின் பணிகள். நிறுவனத்திடம் பேசலாம், பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் அவசரப் பயண ஆவணம் தரலாம். சம்பளத்தைக் கொடு என்று உத்தரவிட முடியாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் சம்பளத்தை நிறுத்துவதும் மிரட்டுவதும் சர்வதேச தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்ட கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் அடங்குபவை. அதனால் அந்த மூன்றையும் மனுவில் விடாமல் எழுதச் சொன்னார்.

இப்போது என்னிடம் நோட்டின் 31 பக்கங்களில் நான் தற்செயலாகப் படம் எடுத்திருந்த 9 பக்கங்கள் மட்டுமே உள்ளன. அன்றன்று எழுதிய குறிப்புக்கு இருக்கும் மதிப்பு பிறகு நினைவிலிருந்து எழுதுவதற்கு இருக்காது என்பதால் மீதி 22 பக்கங்களை மறுபடி எழுதிப் பயனில்லை. சேவை அலுவலகக்காரர் நோட்டு "எங்கோ இருக்கிறது" என்கிறார். இரண்டு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அது ஆலோசனைக் கட்டணம் என்கிறார்.

விரிவாக எழுத நினைத்தேன், இரவு வேலைக்கு நேரமாகிறது. அவசரமாகச் சில. அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். எழுதும் பக்கத்தை அன்றே படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள், தேதி தானாகப் பதிவாகும். வாட்ஸ்அப் மிரட்டலைப் படம் பிடிக்கும்போது பெயர் மட்டும் அல்ல, எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். பேச்சை ஒலிப்பதிவு செய்யும் முன் அந்த நாட்டுச் சட்டத்தைக் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்மதமின்றிப் பதிவு செய்வதே குற்றம். புகார் கொடுக்கும் முன் வேலைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். வளைகுடா நாடுகளில் ஓடிப்போனவர் என்று முதலாளி உங்கள் மேல் புகார் பதிந்துவிடலாம். மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள். காலக்கெடு உண்டு, சிங்கப்பூரில் வேலையை விட்ட பிறகு சம்பள உரிமைக் கோரிக்கைக்கு 6 மாதம்தான், மற்ற இடங்களில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திடாதீர்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் முதல் சமரசப் பேச்சு. 9 பக்கங்களையும் டைம்ஷீட் படங்களையும் எடுத்துக்கொண்டு போகிறேன். சேவை அலுவலகக்காரரின் எண் இன்று காலை முதல் அணைந்திருக்கிறது.