கொள்ளிடத்தில் தண்ணீர் கூடினால்: பேப்பர் செய்தியும் ரேடியோ செய்தியும்

மேட்டூர் நிரம்பி உபரி நீர் வருகிற நாளில் பேப்பரில் செய்தி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,24,350 கனஅடி உபரி நீர் திறக்கப்பட்டதையடுத்து, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படும் நீரின் அளவு அதிகரிக்கப்பட்டுள்ளதால், கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்று நீர்வளத் துறை அதிகாரிகள் கேட்டுக்கொண்டுள்ளனர்."

பேப்பருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. தலைப்பே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும், புரியாவிட்டால் கண் திரும்ப மேலே போய் வரும். காதுக்கு அந்த வசதி கிடையாது. இதையே ரேடியோவில் வாசித்தால், யார் எங்கே போக வேண்டும் என்பது வருவதற்குள் அணை, எண், முக்கொம்பு என்று நாலு விஷயத்தைக் கேட்பவர் மனதில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரேடியோவுக்கு நான் இப்படித்தான் எழுதுவேன்:

"கொள்ளிடத்தில் தண்ணீர் கூடுகிறது. நீர்வளத் துறை எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கரையோரம் தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மேட்டூரிலிருந்து வினாடிக்கு ஒன்றேகால் லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் வருகிறது."

எண்ணை எழுத்தால் எழுதியதைக் கவனியுங்கள். 1,24,350 என்று தாளில் இருந்தால் வாசிப்பவர் நேரலையில் தடுமாறுவார், தடுமாறாமல் வாசித்தாலும் கேட்பவருக்கு அந்த முந்நூற்றைம்பது நிற்காது.

சின்ன வாக்கியம் எழுது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் தமிழில் நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது, சுமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். "மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு வந்து, கல்லணை சேர்ந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது" என்பது நீளம்தான், ஆனாலும் தண்ணீர் போகிற வரிசையிலேயே சொல்லும் போவதால் காது கூடவே நடக்கிறது. "கடந்த வாரம் அறிவிக்கப்பட்ட, கடைமடைக்கு இன்னும் வந்துசேராத, விவசாயிகள் எதிர்பார்த்த தண்ணீர்" என்பது அதைவிடச் சின்னது, ஆனால் எதைப் பற்றிய பேச்சு என்பது கடைசியில்தான் தெரிகிறது. முதல் வகையை வெட்டவே வேண்டாம். வெட்டி வெட்டி "வருகிறது. சேர்கிறது. பிரிகிறது." என்று எழுதினால் ஒன்றாம் வகுப்புப் பாடம் மாதிரி ஆகிவிடும்.

யார் சொன்னது என்பதை எங்கே வைப்பது? இதில்தான் இரண்டுக்கும் பெரிய தூரம். பேப்பரில் "கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் குற்றம்சாட்டினர்" என்று எழுதலாம், ஆளும் பேச்சும் ஒரே பார்வையில் கண்ணில் படும். ரேடியோவில் "வரவில்லை" வரை கேட்டவர், அதை வானொலி நிலையமே சொல்வதாக எடுத்துக்கொள்கிறார். மேற்கோள் குறியும் காதில் விழாது. அதனால் "விவசாயிகள் ஒரு குற்றச்சாட்டை வைக்கிறார்கள்" என்று ஆளை முதலில் நிறுத்திவிட்டு, பேச்சை அடுத்த வாக்கியத்தில் "என்கிறார்கள்" போட்டு முடிப்பது நல்லது. ஒருவர் பேச்சு நாலு வாக்கியம் ஓடினால் இடையில் ஒரு தடவையாவது "அவர் மேலும் சொன்னது" என்று நினைவுபடுத்த வேண்டும்.

மறுப்புச் செய்தியில் இது இன்னும் ஆபத்து. "கல்லணைக் கால்வாயில் உடைப்பு ஏற்பட்டதாக வந்த தகவல் உண்மையல்ல என்று அதிகாரிகள் தெரிவித்தனர்." வாசலில் மோட்டார் சத்தம், 'உடைப்பு' வரைக்கும்தான் கேட்டது, அப்புறம் என்ன நடக்கும்? தமிழில் 'இல்லை'யும் 'அல்ல'வும் கடைசியில் வருவதால் இதைத் தலைகீழாக்கியே ஆக வேண்டும்: "கல்லணைக் கால்வாயின் கரை பத்திரமாக இருப்பதாக அதிகாரிகள் சொல்கிறார்கள். உடைப்பு என்று பரவிய தகவலை அவர்கள் மறுத்திருக்கிறார்கள்."

எழுதியதை வாய்விட்டு வாசிக்காமல் கொடுக்கவே கூடாது. மனதுக்குள் வாசிப்பது கணக்கில் சேராது. வாய்விட்டால்தான் "கரையோரத்திலுள்ளவர்களுக்கு" என்கிற இடத்தில் நாக்கு மாட்டுவது தெரியும், "கரையோரத்தில் இருப்பவர்களுக்கு" என்று பிரிப்பீர்கள். மூச்சு தீர்கிற இடத்தில் வாக்கியம் தீரவில்லை என்றால் அங்கே வெட்டுங்கள். டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: வெண்ணாறு, வெட்டாறு. அச்சில் குழப்பமே இல்லை. காற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதிலும் வெட்டாறு வெண்ணாற்றிலிருந்தே பிரிவது. ஆற்றின் பெயரோடு ஒரு ஊரையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீரும்.

இவ்வளவு சொன்னாலும், நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு, கல்லணையில் எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் பேப்பர் பெட்டிச் செய்திக்குத்தான் சொந்தம். ரேடியோவில் அந்த அட்டவணையை வாசிப்பது நேர விரயம். நேற்றைவிடக் கூடுதலா குறைவா என்பதையும் ஒரே ஒரு எண்ணையும் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம்.