வீட்டுக் கடன் வட்டி ஏறினால்: தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா?

நிலுவை அசல் 30 லட்சம், பாக்கி 240 மாதம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை 26,035. இப்போது வட்டி 9.5 ஆகிறது. பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டிவிடும். கையிலிருந்து போகும் தொகை மாறாததால், கடன்காரருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

நடந்தது என்ன என்பது அடுத்த ஒரே தவணையில் தெரிந்துவிடும். பழைய வட்டியில் ஒரு மாத வட்டி 21,250. மீதி 4,785 அசலில் கழிந்தது. புதிய வட்டியில் 23,750 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது வெறும் 2,285. வட்டி ஏறியது ஒரு சதவீதம்தான், ஆனால் அசல் குறையும் வேகம் பாதிக்கும் கீழே போய்விட்டது. காலம் இவ்வளவு நீள்வதற்குக் காரணம் இதுதான்.

| வழி | தவணை | மாதங்கள் | இனி கட்டும் மொத்த வட்டி |
|---|---|---|---|
| வட்டி ஏறாதிருந்தால் | 26,035 | 240 | 32.5 லட்சம் |
| தவணையைக் கூட்டினால் | 27,964 | 240 | 37.1 லட்சம் |
| காலத்தை நீட்டினால் | 26,035 | 309 | 50.3 லட்சம் |
| பாதி மட்டும் கூட்டினால் | 27,000 | 269 | 42.5 லட்சம் |

மாதம் 1,929 கூடுதலாகக் கட்டாமல் தப்பிப்பதற்கு விலை, இன்னும் 5 வருடம் 9 மாதத் தவணையும் சுமார் 13 லட்சம் கூடுதல் வட்டியும். இதில் கடைசி வரியைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். முழு உயர்வையும் தாங்க முடியாத குடும்பம் 965 மட்டும் கூட்டினாலே, நீண்ட 69 மாதங்களில் 40 மாதம் திரும்பக் கிடைக்கிறது. உயர்வின் முதல் பாதி, இரண்டாம் பாதியைவிட அதிக வேலை செய்கிறது. 'முழுசா முடியாது, அதனால் அப்படியே இருக்கட்டும்' என்று விட்டுவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

சேமிப்பு கையில் இருந்தால் இன்னொரு வழி: தவணையும் காலமும் இரண்டுமே மாறாமலிருக்க, அசலில் சுமார் 2.07 லட்சம் ஒரேயடியாகக் கட்டினால் போதும். கட்டும்போது அது அசலில்தான் வரவு வைக்கப்பட வேண்டும், வரும் மாதத் தவணைகளுக்கு முன்பணமாக அல்ல என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணக்கை விரிதாளில் இப்படிப் போடலாம். முதல் வரி புதிய தவணை, இரண்டாவது பழைய தவணையிலேயே இருந்தால் ஆகும் மாதங்கள்:

```
=PMT(9.5%/12, 240, -3000000)
=NPER(9.5%/12, -26035, 3000000)
```

இங்கே பலர் செய்யும் பிழை, ஆரம்பத்தில் வாங்கிய கடன் தொகையைப் போடுவது. போட வேண்டியது வட்டி மாறும் தேதியில் உள்ள நிலுவை அசல்.

காலத்தை நீட்டும் வழிக்கு ஓர் எல்லை உண்டு. தவணையை 12ஆல் பெருக்கி நிலுவை அசலால் வகுத்துப் பாருங்கள்: நம் உதாரணத்தில் 10.41 சதவீதம். வட்டி அதைத் தாண்டினால் தவணை முழுவதும் போனாலும் அந்த மாத வட்டிக்கே போதாது. 10.5 சதவீதத்தில் மாத வட்டி 26,250. குறையும் 215 அசலோடு சேர்ந்து, கடன் கட்டக் கட்ட வளரும். அப்போது `NPER` விடை தராமல் `#NUM!` என்று காட்டும். இந்த எல்லைக்கு வருவதற்கு முன்பே, ஓய்வு வயது வரம்பைக் காட்டி வங்கி தவணையை ஒரே தாவலாக உயர்த்தவும் கூடும். ஆக, காலத்தை நீட்டியவர் தவணை உயர்விலிருந்து தப்பிவிட்டார் என்றில்லை, அது தள்ளிப்போயிருக்கிறது.

கடன் முடியும் தறுவாயில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. இதே தவணையில் 60 மாதம் மட்டும் பாக்கி இருந்தால் நிலுவை சுமார் 12.69 லட்சம். அதே ஒரு சதவீத உயர்வு அவருக்குச் சுமார் 2 மாதத்தைத்தான் கூட்டும். காலத்தை மாற்றாவிட்டால் தவணையில் சுமார் 616. அவர் தாராளமாகக் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். தவணையில் பெரும்பகுதி அசலுக்கே போகும் கட்டம் அது.

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிய, வங்கி தரும் தவணை அட்டவணையில் கடைசித் தவணைத் தேதியையும் அசல் பத்தியையும் வட்டி மாறிய மாதத்துக்கு முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள். தேதி தள்ளிப்போய் அசல் பத்தி சரிந்திருந்தால், காலம் நீட்டப்பட்டுவிட்டது. தவணையைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தபின் புதிய அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதில் முடியும் மாதம் பழையபடி இருக்கிறதா என்று சரிபாருங்கள்.