15,000 வெள்ளி டேட்டா அனாலிட்டிக்ஸ் வகுப்பு: 10 மாதத்துக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

படித்தது என் தங்கை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து ரயிலேறி கேஎல் சென்ட்ரல் வந்து போவாள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கட்டணம் சேரும்போது 3,000 வெள்ளி, அப்புறம் 24 மாதத்துக்கு மாதம் 500. அந்த 3,000-ஐ பேங்க் கடனில் கட்டினாள்.

முதல் மூன்று மாதம் எக்செல் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். பிவட் டேபிள் போடத் தெரிந்துகொண்டாள், அது இன்றும் அலுவலகத்தில் கைகொடுக்கிறது. அதற்குப் பிறகுதான் சரிவு. ஆசிரியர் போய் இன்னொருவர் வந்தார், அவரும் போனார். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் எக்செல்லிலிருந்தே மறுபடி தொடங்கினார்கள். தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் ஐந்தாம் மாதம் வரவேண்டியது, பத்தாம் மாதத்திலும் வரவில்லை. நிறைந்திருந்த வகுப்பில் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் ஆள் மிச்சம். டிப்ளோமா என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புகள் இருக்கும் எம்.கியூ.ஏ. பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். தேடினோம், அந்தப் பெயரில் எதுவும் இல்லை.

இவ்வளவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தே மாதாமாதம் கட்டினாள். ஏழாம் மாதம் சலித்துப்போய் இரண்டு வாரம் போகாமல் இருந்தபோது, அங்கிருந்து அழைத்து 1,500 வெள்ளி கட்டினால் 'ஃபாஸ்ட் டிராக்'கில் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். அதையும் கட்டினாள். "அக்கா, இவ்வளவு போட்டாச்சு. இப்போ விட்டா எல்லாம் வீண்தானே?" என்பாள்.

பொருளாதாரத்தில் இதை மூழ்கிய செலவுப் பிழை என்பார்கள். தவணை முறை இதை எப்படி வளர்க்கிறது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஜான் குர்வில், திலீப் சோமன் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டும் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களின் வருகையைப் பார்த்தார்கள். பணம் கட்டிய கையோடு வருகை கூடியது, மாதங்கள் போகப் போகக் குறைந்தது, அடுத்த கட்டணம் கட்டியதும் மறுபடி ஏறியது. கட்டிய பணத்தின் வலி நாளாக ஆக ஆறிவிடுகிறது. மாதத் தவணை அதை எளிதில் ஆற விடுவதில்லை. என் தங்கைக்கு ஆறத் தொடங்கிய நேரத்தில்தான் அந்த 1,500 வந்தது.

பத்தாம் மாத முடிவில் அவள் கட்டியிருந்தது 9,500 வெள்ளி. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எது கணக்கில் சேரும், எது சேராது என்பதிலேயே பெரிய வாக்குவாதம். 9,500 சேராது, தொடர்ந்தாலும் நின்றாலும் அது திரும்பாது. பேங்க் கடனுக்கு மாதம் 140 வெள்ளி இன்னும் போகிறதே, அதனால்தான் விட மனமில்லை என்றாள். அதுவும் சேராது, வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் பேங்குக்குக் கட்டியே ஆகவேண்டும். ஆனால் பாதியில் நின்றால் ஒரு மாதக் கட்டணம் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த 500 இனிமேல் போகும் பணம், அதைக் கட்டாயம் எழுதவேண்டும்.

ஆக, நின்றால் 500 வெள்ளி. தொடர்ந்தால் 7,000 வெள்ளியும் 14 மாத ஞாயிறுகளும். அதற்குக் கிடைப்பது, வேலை விளம்பரங்கள் கேட்கும் எஸ்க்யூஎல்லும் பவர் பிஐயும் இல்லாத ஒரு சான்றிதழ்.

இதை வைத்து, ஓடாத வகுப்பு எதையும் உடனே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 14,000 கட்டி 1,000 மட்டும் பாக்கியிருந்து, சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் மதிப்பும் இருந்தால், முடித்துவிடச் சொல்லியிருப்பேன். அந்தச் சான்றிதழ் 1,000 வெள்ளிக்கு மலிவு என்பதுதான் காரணம், 14,000 போனது அல்ல.

நிறுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்ததும், பாக்கியில் 30 விழுக்காடு தள்ளுபடி என்று வந்தார்கள். 7,000 என்பது 4,900 ஆயிற்று. கொஞ்சம் தடுமாறினாள். அதே தாளில் 7,000-ஐ அடித்துவிட்டு 4,900 என்று எழுதினோம், எதிர்ப்பக்கத்தில் மாற்றி எழுத எதுவும் கிடைக்கவில்லை. 500-ஐக் கட்டி வெளியே வந்துவிட்டாள்.

நடத்தாத பாடங்களுக்காக மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கப் போகிறாள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். பாட அட்டவணை, ரசீதுகள், ஆசிரியர் மாறிய வாட்ஸ்அப் அறிவிப்புகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறாள். இதே நிலையில் இருப்பவர்கள் அவற்றை அழித்துவிடாதீர்கள்.