ரயிலில் வருபவர்களுக்குச் சொல்லும் கட்டண ஸ்கிரிப்ட்: பல காலம் பயன்படுத்தியதில் தெரிந்தது

ரயிலில் வந்து இறங்குபவருக்குக் கார் புக்கிங் எடுக்கும்போது, கட்டணமும் காத்திருப்பு விதியும் அடங்கிய ஒரே வாசகத்தைப் போனில் படித்துக் காட்டுவோம். அப்புறம் அதையே மெசேஜாகவும் அனுப்பிவிடுவோம். அதைத்தான் நாங்கள் ஸ்கிரிப்ட் என்கிறோம். பல வருடங்களாக இதை வைத்தே புக்கிங் எடுத்து வருகிறேன். இந்தக் காலத்தில் வந்த தகராறுகளில் பெரும்பாலானவை, காத்திருப்பு நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் வந்தன. கிலோமீட்டர் கட்டணம் அதிகம் என்று சண்டை போட்டவர்கள் குறைவு. அது பிடிக்காதவர்கள் புக்கிங் செய்யும்போதே வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் எங்களிடம் இருந்த வாசகம் "30 நிமிடம் காத்திருப்பு இலவசம்" என்று மட்டும் சொன்னது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எப்போதிலிருந்து 30 நிமிடம்? டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்திலிருந்தா, ரயில் உண்மையில் வந்து நின்ற நேரத்திலிருந்தா, டிரைவர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்தா? டிரைவர் தான் வந்த நேரத்தைச் சொல்வார், பயணி தான் இறங்கிய நேரத்தைச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே இருக்கும்.

இப்போது நாங்கள் படிக்கும் வரிகள் இவை:

"உங்கள் ரயில் பிளாட்பாரத்தில் வந்து நின்ற நேரத்திலிருந்து முதல் 30 நிமிடம் காத்திருப்புக்குக் கட்டணம் இல்லை. ரயில் தாமதமாக வந்தால், அந்தத் தாமதத்துக்கு உங்களிடம் எதுவும் வாங்க மாட்டோம். 30 நிமிடம் முடிந்த பிறகு ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ____. இரவு 10 மணிக்கு மேல் நீங்கள் வண்டியில் ஏறினால் இரவுக் கட்டணம் ____ சேரும். ரயில் தாமதமானதால் 10 மணி தாண்டினால் அது சேராது."

கடைசி வரி எப்படி வந்தது என்பதற்கு ஒரு உதாரணம். இரவு 9:40-க்கு வர வேண்டிய ரயில் 10:35-க்கு வருகிறது. பயணியுடன் வயதான அம்மா. சக்கர நாற்காலி கிடைத்து, லிப்ட் வழியாக வெளியே வந்து காரில் ஏறும்போது மணி 11:20. ரயில் வந்து நின்ற நேரத்திலிருந்து எண்ணினால் 11:05 வரை இலவசம், மீதி 15 நிமிடம். ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் காத்திருப்புக் கட்டணம். அதையே டிக்கெட் நேரத்திலிருந்து எண்ணினால் 10:10-க்கே இலவச நேரம் முடிந்துவிடும். மீதி 70 நிமிடம் ஐந்து பகுதிகளாகக் கணக்காகும், அதோடு இரவுக் கட்டணமும் ஏறும். ஒரே பயணம், ஒரே தூரம், ஆனால் பில் இரண்டு விதம். தாமதம் பயணியின் கையில் இல்லை என்பதால் முதல் கணக்குதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆனால் அந்த 55 நிமிடத்தை யாராவது சுமக்க வேண்டுமே. டிரைவர் 9:40-க்கே வந்து நின்றிருந்தால் அவருக்கு அது வீணான நேரம். அதனால் பயணிக்கு ஒரு வாசகம் இருப்பது போல டிரைவருக்கும் ஒன்று வேண்டும். டிக்கெட் நேரத்தைப் பார்த்து அவர் கிளம்பக் கூடாது. ரயில் எங்கள் ஸ்டேஷனுக்கு முந்தைய நிறுத்தத்தை விட்டுப் புறப்பட்ட தகவல் கிடைத்த பிறகுதான் கிளம்ப வேண்டும். இதற்காகவே புக்கிங்கில் ரயில் எண்ணைக் கேட்டு வாங்குகிறோம். பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் போகிற ரயிலும் வருகிற ரயிலும் இருக்கும். எந்த ஸ்டேஷனில் இறங்குகிறார் என்பதையும் திருப்பிச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய ஊர்களில் ஒரே ரயில் இரண்டு மூன்று இடங்களில் நிற்கும். முதல் நிறுத்தத்தில் இறங்கிவிட்டு "வண்டியைக் காணோம்" என்று போன் செய்கிறவர்கள் உண்டு.

ரயில் நிலவரம் காட்டும் ஆப்பை முழுசாக நம்பவும் முடியாது. ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்காக ரயில் நிற்கும்போதே வந்துவிட்டது என்று சில நேரம் காட்டிவிடும். அந்த நேரத்தில் 30 நிமிடத்தை ஓட விட்டால், பயணி பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய இலவச நேரம் கரையும். இதனால் ஸ்கிரிப்டில் இன்னொரு வரியைச் சேர்த்தோம்: "பிளாட்பாரத்தில் இறங்கியதும் டிரைவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்." அந்தக் கால் பதிவாகும் நேரத்தையே தொடக்கமாக எடுத்துக்கொள்கிறோம். கால் வராவிட்டால் மட்டும் ஆப் காட்டும் நேரம். இந்த ஒரு வரி வந்த பிறகு காத்திருப்பு பற்றிய வாக்குவாதம் வெகுவாகக் குறைந்தது. டிரைவரும் அந்தக் கால் வந்த பிறகே பார்க்கிங்குக்குள் நுழைகிறார். அதுவரை வெளியே நிற்பதால் பார்க்கிங் ரசீது சின்னதாகவே வருகிறது.

கட்டணப் பகுதியில் எனக்குப் பிடித்த மாற்றம், தொகைக்கு முன்னால் அது எதற்கான தொகை என்று சொல்வது. "இந்தத் தொகையில் கார், டிரைவர், எரிபொருள், இத்தனை கிலோமீட்டர் அடங்கும். பார்க்கிங்கும் சுங்கமும் ரசீதில் உள்ளபடி தனி" என்று சொல்லிவிட்டுத்தான் தொகையைச் சொல்வோம். தொகையை முதலில் சொன்னால் கேட்பவர் மனதில் அது மட்டுமே நிற்கும். பின்னால் வருவதெல்லாம் மறைத்து வைத்துச் சேர்த்தது போலத் தோன்றும்.

நாள் வாடகைக்கு எடுப்பவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய இன்னொரு விஷயம், கிலோமீட்டர் எங்கே தொடங்குகிறது என்பது. வாடகைக் கார்களில் ஷெட்டிலிருந்து ஷெட் வரை கணக்கு வைக்கும் முறை பரவலாக உண்டு. ஸ்டேஷனில் ஏறும்போது மீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்தவருக்கு, மாலையில் பில்லில் வேறு எண் தெரிந்தால் கோபம் வரத்தான் செய்யும். "கார் எங்கள் ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை கணக்கு. ஸ்டேஷனுக்கு வந்து போகும் தூரம் ஏறத்தாழ ____ கிலோமீட்டர்" என்று எண்ணோடு சொன்னால் யாரும் மறுப்பதில்லை. நேரத்துக்கும் இதே கணக்குதான் என்பதால், ரயில் தாமதமான நிமிடங்களை அதில் கழித்துக்கொள்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேலே கொடுத்த வாக்குறுதி இங்கே உடைந்துவிடும்.

வராமல் போகும் பயணி பற்றிய விதி சுருக்கமானது. ரயில் வந்து 60 நிமிடம் ஆகி, இரண்டு முறை போன் செய்து, ஒரு மெசேஜும் அனுப்பிய பிறகே டிரைவர் கிளம்பலாம். நீண்ட பயணத்தில் வந்தவரின் போனில் சார்ஜ் இல்லாமல் போவது சாதாரணம். அதனால் புக்கிங்கிலேயே உடன் வருபவர் அல்லது வீட்டார் ஒருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்கிறோம். கூப்பிட வேண்டிய இரண்டு முறையில் ஒன்று அந்த எண்ணுக்குப் போக வேண்டும்.

இந்த ஸ்கிரிப்டுக்கு ஒரு எல்லை உண்டு. தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் அதே காரைப் பிடித்து வைக்க முடியாது, அடுத்த சவாரி இருக்கும். "தாமதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு கார் வரலாம், கட்டணம் மாறாது. உங்களுக்கு வேண்டாம் என்றால் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம்" என்று புக்கிங்கின்போதே சொல்கிறோம். ரயிலுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், நடுவழியில் இதையெல்லாம் விளக்க முடியாது. முழு ஸ்கிரிப்டும் அவர் ரயில் ஏறுவதற்கு முன்பே மெசேஜில் போய்விட வேண்டும். இறங்கப் போகும் நேரத்தில் அனுப்புவது மூன்றே விவரங்கள்: கார் எண், டிரைவர் எண், எந்த வாசல்.