கோலத்தின் மேல் விழுந்த என் நிழல்: ஒட்டுப் போடுவதா, வெளிச்சம் ஏற்றுவதா?

மார்கழியில் ஒரு காலை, ஏழரை மணி தாண்டியிருக்கும். பாட்டி சிமெண்ட் வாசலில் 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை வைத்துச் சிக்குக் கோலம் போட்டு முடித்துவிட்டு, அதன் பின்னால் படியில் உட்கார்ந்திருந்தார். எதிரே வெறும் மனை என்பதால் வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அந்த முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனில் எடுத்துவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்த சூரியன், என் உயரத்தைப் போல நாலு மடங்கு நிழலை நீட்டி, தலையையும் தோளையும் சரியாகக் கோலத்தின் மேல் கொண்டுபோய் வைத்திருந்ததை வீட்டுக்குள் வந்த பிறகுதான் பார்த்தேன். அதற்குள் கோலத்தின் மேல் இரண்டு பைக் போய்விட்டது.

எடுக்கும்போதே கவனித்திருந்தால் இரண்டடி தள்ளி நின்றிருக்கலாம், குனிந்திருந்தாலே நிழல் பாதியாகக் குறைந்திருக்கும். எடுத்த பிறகு என்றால் மூன்று வழி. படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிடலாம். எனக்குக் கோலமும் போய்விடும், அதனால் அதை விட்டுவிட்டேன். மிச்சம் இரண்டு. ஒன்று, பக்கத்துத் தரையை எடுத்து நிழல் மேல் ஒட்டுப் போடுவது, அதாவது குளோன். மற்றது, நிழலை அழிக்காமல் அதற்குள் வெளிச்சத்தை ஏற்றி வெயில் பட்ட தரையோடு சேர்த்துவிடுவது.

முதலில் எல்லோரையும் போல குளோன்தான் செய்தேன். வெறும் சிமெண்ட் வரை நன்றாகவே வந்தது. கோலத்துக்குள் நுழைந்ததும் வேலை மாறிவிட்டது. இடது பக்கத்து இழையை எடுத்து வலது பக்கம் ஒட்ட, வளைவு சேரவில்லை. அதைச் சேர்த்தால் புள்ளி நகர்ந்துவிட்டது. ஒருவழியாக முடித்துப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் இழையைத் தொடர்ந்துகொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. “இங்க இழை அறுந்துபோச்சே. இது நான் போட்டது இல்லடா.” சிக்குக் கோலத்தில் இழை ஓரிடத்தில் தப்பினால் கோலமே தப்பு. மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் அவர் போட்ட கோலத்துக்காகத்தானே அந்தப் படம்?

அதற்கப்புறம்தான் வெளிச்சம் ஏற்றும் வழிக்கு வந்தேன். நிழலுக்குள் கோலம் அப்படியே இருக்கிறது, வெளிச்சம்தான் குறைவு. என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு வழிகளில் எது என்று முடிவு செய்வது இந்த ஒரே கேள்விதான்: நிழலுக்கு அடியில் இருப்பது உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் குளோன் அதை அழித்துவிட்டுக் கற்பனையை வைக்கிறது.

நீண்ட நிழல் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் ஆழமில்லாதது. சூரியன் தாழ்வாக இருப்பதால்தான் நிழல் நீள்கிறது. தாழ்ந்த வெயில் தரையில் சாய்வாகப் பட்டுப் பரவிவிடுவதால் அதன் பலமும் குறைவு. தரைக்குக் கிடைக்கும் ஒளியில் வானத்தின் பங்கு கணிசமாக இருக்கும், அது நிழலுக்குள்ளும் வருகிறது. உச்சி வெயிலின் குட்டை நிழலைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்பும். இந்தக் காலை நிழலுக்கு ஒன்றரை ஸ்டாப், அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெளிச்சம் ஏற்றினாலே போதுமாக இருந்தது. போன் ஜேபெக் அதைத் தாங்கியது.

ஆனால் படத்தில் உள்ள சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே அளவில் ஏற்றினால் நிழல் இருந்த இடம் நீலமாக நிற்கும். நிழலுக்கு ஒளி தருவது நீல வானம், பக்கத்தில் அடிப்பதோ மஞ்சள் வெயில். அதனால் நிறத்துக்கு நிறம் அளவு வேறு. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் படத்தின் லேயரை நகலெடுத்துக்கொண்டு, நிழலின் ஓரத்துக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே மாதிரி சிமெண்டில் நிறத்தை 0 முதல் 255 வரையான அளவில் அளந்தேன். சிவப்பு நிழலில் 112, வெயிலில் 196. நீலம் நிழலில் 110, வெயிலில் 152 மட்டுமே. அதே போல மாவு இழையிலும் அளந்தேன்: சிவப்பு 142-க்கு 244, நீலம் 162-க்கு 220. `Curves` திறந்து ஒவ்வொரு நிறத்துக்கும் இந்த இரண்டு புள்ளிகளையும் வைத்தேன். பச்சைக்கும் அப்படியே அளந்து வைத்தேன். தரையை மட்டும் அளந்து ஒரே புள்ளியோடு நிறுத்தினால் இழை சாம்பல் நிறமாகத் தங்கிவிடலாம், அல்லது வெளுத்து மாவின் மொரமொரப்பு போய்விடலாம். இப்போது படம் முழுக்க வெளிறியிருக்கும், நிழல் இருந்த இடம் மட்டும் சரியாக இருக்கும். அந்த லேயரை முழுக்க மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, அதில் நிழலின் உருவத்தை மட்டும் வெள்ளையால் நிரப்பினால் லேயர் அங்கே மட்டும் தெரியும், பெரும்பாலான வேலை முடிந்தது.

நேரம் போவது விளிம்பில்தான். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகல வட்டம். அதனால் நிழல் விழும் தூரம் கூடக் கூட ஓரம் கரைந்துகொண்டே போகும். என் தலைக்கும் அதன் நிழலுக்கும் ஏழு மீட்டர். அங்கே பக்கவாட்டு ஓரம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் கரைந்திருந்தது. முழங்கால் நிழலில் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. இதைப் படித்துவிட்டு மாஸ்க்கின் மென்மையை இடத்துக்கு இடம் மாற்றி மாற்றி வரைந்து ஒரு மணி நேரம் வீணடித்தேன். முழங்கால் நிழல் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் பெரிதாகத் தெரியும். தலை நிழல் தூரத்தில். படத்தில் இரண்டு ஓரமும் ஏறக்குறைய ஒரே அகலத்துக்கு வந்துவிடுகிறது. கண் உயரத்தில் பிடித்து எடுத்த உங்கள் சொந்த நிழலுக்கு மட்டும் கிடைக்கிற சலுகை இது; பக்கத்தில் நிற்கும் கம்பத்தின் நிழலுக்குக் கிடைக்காது. 4000 பிக்சல் அகலமுள்ள என் படத்தில் மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்க `Gaussian Blur` 7 கொடுத்தேன், முழு ஓரமும் ஒரே தடவையில் சேர்ந்தது. மாஸ்க் நிழலை விட வெளியே போனால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும், உள்ளே நின்றால் கறுப்புக் கோடு. எங்கே எது தெரிகிறதோ, அங்கே மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால் கொஞ்சம் குறைத்தோ கூட்டியோ வரைந்தால் சரியாகிவிடும்.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு. சாய்ந்த வெயிலில் தரையின் ஒவ்வொரு பொருக்குக்கும் ஒரு குட்டி நிழல் இருக்கும். என் நிழலுக்குள் அவை இல்லை. வெளிச்சத்தை எவ்வளவு ஏற்றினாலும் அவை வராது. பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடம் மழுமழுவென்று இருக்கிறது. சிமெண்டில் அது கண்ணை உறுத்தவில்லை. மணலில் செய்து பார்த்த ஒரு படத்தில், யாரோ துடைப்பத்தால் பெருக்கிவிட்ட மாதிரி ஆள் உருவம் தனியாகத் தெரிந்தது. அங்கே தயங்காமல் குளோனுக்குப் போய்விட்டேன். மணலில் யாரும் புள்ளி எண்ணப்போவதில்லை, பத்து நிமிஷத்தில் முடிந்தது. புல்லுக்கும் அப்படித்தான் செய்வேன் என்று தோன்றுகிறது, இதுவரை இரண்டு படம்தான் செய்திருக்கிறேன். இரண்டையும் கலக்கவும் செய்யலாம்: முதலில் வெளிச்சம் ஏற்றிவிட்டு, மழுங்கிய இடங்களில் மட்டும் பக்கத்துப் பொருக்கை மெலிதாக ஒட்டுவது. கோலத்துக்கு வெளியே இருந்த சிமெண்டில் நான் அதைத்தான் செய்தேன்.

இரண்டாவது படத்தைப் பாட்டியிடம் கொடுத்தபோது மறுபடியும் விரல் வைத்து இழையைத் தொடர்ந்தார். தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர்ந்ததும், போனைத் திருப்பித் தராமல் அப்படியே பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.