காலை விகிதத்தில் மாலையில் டாலர்: டர்பன் தமிழர்கள் கவனத்திற்கு

டர்பனிலிருந்து இணையவழியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள், திரையில் தெரியும் மாற்று விகிதம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் கோயில் குழுவிடமிருந்து ஒரு நிறுவனம் இப்படித்தான் ஆயிரம் ரேண்டைப் பறித்துக்கொண்டது. அது அடியார்கள் கொடுத்த காணிக்கைப் பணம்.

சுவாமிமலையில் செய்யக் கொடுத்திருந்த பஞ்சலோக விக்கிரகங்களுக்கு 4,000 டாலர் பாக்கி இருந்தது. காலை பத்து மணிக்கு அந்த நிறுவனத்தின் தளத்தில் ஒரு டாலர் 18.60 ரேண்ட், சந்தையில் 18.55. இடையில் இருக்கும் ஐந்து சென்ட் அவர்களுடைய லாபம், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. குழுவின் ஒப்புதல் வாங்கி மாலை நான்கு மணிக்குத்தான் பணம் கட்ட முடிந்தது. அதற்குள், பிற்பகல் 2.30 மணிக்கு அமெரிக்கப் பணவீக்கக் கணக்கு வெளியாகிவிட்டது. எதிர்பார்த்ததைவிடப் பணவீக்கம் குறைந்திருந்ததால் டாலர் சரிந்து, ரேண்ட் வலுத்தது. சந்தையில் 18.30. அவர்களுடைய தளத்தில் அப்போதும் 18.60!

வழக்கமான லாபத்தைச் சேர்த்தாலும் 18.35 வீதம் 73,400 ரேண்ட் போதும். எங்களிடம் 74,400 வாங்கினார்கள்.

முழு ரசீதைக் கேட்டுப் பெற்றபோதுதான் காரணம் புரிந்தது. பணம் கட்டிய நேரம் 16:04, விகிதத்தின் நேரம் 08:00. காலையில் ஒருமுறை விகிதத்தை எடுத்துச் சேமித்து வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் அதையே காட்டுகிறார்கள். தோராயமாக விலை காட்டுவதற்கு அது போதும். பணத்தைப் பிடிக்கும் நொடியில் புது விகிதத்தை எடுத்தே ஆக வேண்டும். அவர்களால் அது முடியாததும் அல்ல. அடுத்த வாரம் ரேண்ட் சரிந்த ஒரு நாளில் எங்கள் உறுப்பினர் ஒருவர் பணம் அனுப்பப் போனபோது, “விகிதம் மாறியுள்ளது, மீண்டும் உறுதிசெய்யவும்” என்று அதே தளம் நிறுத்தியது. தங்களுக்கு நட்டம் வரும் நாளில் மட்டும் விழித்துக்கொள்கிற இந்த ஏற்பாட்டைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கண்டுபிடிப்பது எளிது. லாபம் கூடுதலாக வைக்கிறவரின் விகிதமும் சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கும். பழைய விகிதம் அசையாமல் நிற்கும். காலையிலும் மாலையிலும் கடைசித் தசமம் வரை ஒரே எண் தெரிந்தால் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை அறிவிக்கும் நாட்களில் இன்னும் கவனம் தேவை. ரேண்ட் சில நிமிடங்களிலேயே நகர்ந்துவிடும்.

எங்கள் புகாருக்கு, சேவைக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவதாகப் பதில் வந்தது. நாங்கள் ஏற்கவில்லை, 1,000 ரேண்டையும் கேட்டு, இரண்டு நேரங்களும் பதிவான ரசீதை இணைத்து மறுபடி எழுதியிருக்கிறோம்.