விடுப்பா, அவருக்கு இடமாற்றமா?

டீம் லீடர் மீது ஒரு பெண் உள்ளகப் புகார்க் குழுவிடம் பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணை முடியும்வரை அதே ஆளிடம்தான் வேலை பார்க்க வேண்டுமா? பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடைக்கால நிவாரணம் தருகிறது. ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும். குழு தானாகத் தராது.

விடுப்பு கேட்டால் மூன்று மாதம் வரை கிடைக்கலாம், சொந்த விடுப்புக் கணக்கில் கழியாது. உடனே மூச்சு விடலாம், சரி. சிக்கல் அதற்கு அப்புறம். விசாரணைக்குச் சட்டம் தரும் கெடு 90 நாள். அது இழுத்தால், விடுப்பு தீர்ந்து அதே நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் ஆண்டு மதிப்பீடு வந்தால் அதை எழுதுவதும் அந்த டீம் லீடரே.

இடமாற்றத்தில் டீம் லீடர் நகர்வார், புகார் கொடுத்தவரின் வேலை அப்படியே இருக்கும். ஆனால் சட்டம் இருவரில் யாரையும் மாற்ற இடம் தருகிறது. வெறுமனே "இடமாற்றம் வேண்டும்" என்று எழுதினால், புகார் கொடுத்தவரையே வேறு கிளைக்கு அனுப்பிவிடக்கூடும். "எதிர்மனுதாரரை மாற்றுங்கள்" என்று தெளிவாக எழுத வேண்டும். இது தண்டனை என்று அவர் தரப்பு வாதிடும். இது விசாரணைக் கால ஏற்பாடு மட்டுமே.

என் தேர்வு இடமாற்றம்தான். ஒரே அலுவலகம் உள்ள சிறு நிறுவனத்தில் அது நடக்காது. அங்கே விடுப்போடு, மதிப்பீட்டை வேறு அதிகாரி எழுத வேண்டும் என்றும் இந்தச் சட்டத்துக்கான விதிகளில் 8-ஆம் விதியின்படி கேளுங்கள். குழு பரிந்துரைத்தால் நிர்வாகம் அதை நிறைவேற்றி, குழுவுக்கு அறிக்கை தர வேண்டும்.